உங்களுக்குத் தெரியுமா? கரையில் கிடைத்தது சங்கா, சிப்பியா, கல்லா?

கடற்கரையில் பொறுக்கிய ஓட்டுக்குப் பெயர் தேடும்போது பலரும் முதலில் பார்ப்பது நிறத்தை. சங்கு, சிப்பிகளைப் பிரித்து அறிந்தவர்கள் அதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். சுருள் எப்படிச் சுற்றுகிறது, வரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது, வாயின் உள்ளே என்ன இருக்கிறது, விரலுக்கு எப்படிப் படுகிறது என்பதில் அவர்கள் கவனம் இருக்கும். கல்லாகிப்போன புதைபடிவத்துக்கும் கேள்விகள் இவையே.

நூறு நிறம், ஒரே இனம்

தமிழகத்தின் மணற்பாங்கான கரைகளில் பொத்தான் அளவுக்கு வழவழப்பான சின்ன ஓடுகள் ஏராளமாக ஒதுங்கும். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் வரிகள், ஒன்றில் புள்ளிகள். பத்து வகை கிடைத்துவிட்டது என்று குழந்தைகள் தனித்தனியாக அடுக்குவார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் அம்போனியம் வெஸ்டியாரியம் என்ற ஒரே இனம். ஓட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தின் நடுவில் பளபளப்பான தடித்த திட்டு ஒன்று இருக்கும். மேல்பக்கச் சுருள் அதிகம் உயராமல் தட்டையாகவே இருக்கும். நிறம் எதுவானாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை.

ஓடு கரையில் கிடக்கக் கிடக்க நிறம் இன்னும் மோசமாக ஏமாற்றும். வெயிலில் கிடந்தது வெளுத்துவிடும். காற்றுப் புகாத சேற்றில் புதைந்து கிடந்து மீண்டும் வெளியே வந்தது, இரும்புச் சல்பைடு ஏறிக் கறுத்திருக்கும். கறுப்பாக இருப்பதால் பழங்காலத்துப் புதைபடிவம் என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். சாதாரண மட்டி ஓடும் சேற்றுக்குள் கிடந்தால் அப்படித்தான் கறுக்கும்.

முதலில் சரியாகப் பிடிக்க வேண்டும்

சுருண்ட ஓட்டைக் கையில் எடுத்ததும் கூர்மையான உச்சி மேலேயும், வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடியுங்கள். வாய் உங்கள் வலது பக்கம் இருந்தால், உயிரியல் கணக்கில் அது வலச்சுருள். நத்தையினங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்த வகைதான். வாய் இடது பக்கம் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். இடப்பக்கமாகவே சுருளும் இனமாக இருக்கலாம், அல்லது ஓர் இனத்தில் அபூர்வமாகத் தோன்றும் மாறுபாடாக இருக்கலாம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பூஜைக்குரிய வலம்புரிச் சங்கை மேலே சொன்னபடி பிடித்தால் அதன் வாய் இடப்பக்கம் தெரியும். உயிரியலில் அது இடச்சுருள். காரணம் பிடிக்கும் முறைதான். வழிபாட்டு வழக்கில் சங்கின் குறுகிய வால் முனை மேலே இருக்கும், உச்சி கீழே போய்விடும். தலைகீழாகத் திருப்பியதும் வாய் வலப்பக்கம் வந்துவிடுகிறது. சங்கு ஒன்றுதான், பார்வைதான் இரண்டு. எனவே ஒருவர் வலச்சுருள், இடச்சுருள் என்று சொன்னால், எப்படிப் பிடித்துச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலம்புரியா, அமெரிக்கச் சரக்கா?

பல லட்சம் விலை சொல்லி விற்கப்படும் 'வலம்புரி'களில் பல, நம் கடலைப் பார்த்ததே கிடையாது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் மின்னல் வெல்க் என்ற நத்தை, இயல்பாகவே இடப்பக்கம் சுருள்வது. அந்த இனத்தில் வாய் இடது பக்கம் இருப்பதில் அபூர்வம் எதுவும் இல்லை. அதன் ஓட்டைத் தேய்த்து வெள்ளையாக்கினால், விவரம் தெரியாதவர் கண்ணுக்கு வலம்புரி போலவே இருக்கும்.

வித்தியாசம் வாய்க்குள் இருக்கிறது. நம் சங்கின் இனப்பெயர் டர்பினெல்லா பைரம். மன்னார் வளைகுடாவில் காலங்காலமாகக் குளித்து எடுக்கப்படுவது இதுதான். இதன் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவினால், குறுக்காக மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் அடுத்தடுத்து விரலில் தட்டும். இடம்புரியானாலும் வலம்புரியானாலும் இந்த மடிப்புகள் உண்டு. மின்னல் வெல்க்கில் இப்படி வரிசையான மடிப்புகள் கிடையாது.

வெளிப்புறத்தை மெருகேற்றலாம், வால் முனையைச் செதுக்கலாம். உள்ளே சுற்றிக்கொண்டு போகும் மடிப்புகளைப் புதிதாக உண்டாக்குவது அவ்வளவு எளிதல்ல. உடைந்து தேய்ந்த சங்குத் துண்டு கரையில் கிடைத்தாலும், நடுத்தண்டு மிஞ்சியிருந்தால் இதே மடிப்புகளை வைத்துச் சங்கு என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

நீண்ட ஊசிச் சுருள் இரண்டு

கையில் நீளமான, கூரான, பல சுற்றுகள் கொண்ட ஓடு இருக்கிறது. அது டரிடெல்லாவாகவும் இருக்கலாம், டெரிப்ராவாகவும் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய வாயின் அடி விளிம்பைப் பாருங்கள்.

டரிடெல்லாவின் வாய் ஏறக்குறைய வட்டம், விளிம்பில் வெட்டு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் சுருளோடு சேர்ந்து ஓடும் வரம்புகள் இருக்கும். நகத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கி இழுத்தால் வரம்புக்கு வரம்பு தடுக்கும். டெரிப்ராவின் வாய் சிறியது, அதன் அடியில் ஆழமான வெட்டு ஒன்று இருக்கும். மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பு. வரம்பு இருந்தாலும் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரம்பாக இருக்கும்.

அந்த வெட்டு வழியாகத்தான் நத்தை தன் மூச்சுக்குழலை வெளியே நீட்டி, தண்ணீரை உள்ளிழுத்து இரையின் வாசனை பிடிக்கிறது. டெரிப்ரா வேட்டையாடும் நத்தை. டரிடெல்லாவோ மணலில் புதைந்தபடி தண்ணீரை வடிகட்டித் தின்பது. வெட்டுள்ள வாய் என்றால் வேட்டைக்காரன் என்பது பொதுவாகப் பொருந்தும் விதிதான், ஆனால் முழுமையானதல்ல. ஐவிரல் சங்கின் குடும்பத்துக்கு வெட்டு உண்டு, அவை பாசி மேய்பவை. நிலா நத்தைக்கு வெட்டு இல்லை, அதுவோ பெரிய வேட்டைக்காரன்.

சோழிக்குச் சுருள் எங்கே?

பல்லாங்குழிச் சோழியைப் பார்த்தால் சுருளே தெரியாது. ஆனால் அதுவும் நத்தைதான், அதற்கும் சுருள் உண்டு. குஞ்சுச் சோழியின் ஓடு மெல்லியதாக இருக்கும், சிறிய உச்சியும் அகன்ற வாயும் தெளிவாகத் தெரியும். கரையில் கிடைத்தால் பலர் அதை வேறு இனம் என்றே நினைப்பார்கள். வளரும்போது கடைசிச் சுற்று முந்தைய சுற்றுகள் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பிறகு வாயின் உதடுகள் உள்நோக்கி மடங்கித் தடித்து, இரு பக்கமும் பற்கள் முளைத்ததுபோல் வரம்பு கட்டுகின்றன. அதன் பிறகு ஓடு நீளத்தில் வளர்வதில்லை.

சோழியின் பளபளப்புக்கும் காரணம் உண்டு. உயிரோடு இருக்கும்போது அதன் மேலுறைத் தசை இரு பக்கமும் வெளியே வந்து ஓட்டைப் போர்த்திக்கொண்டு, மெருகுப் படலத்தைப் பூசிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மற்ற சங்குகளில் ஒட்டுவதுபோலப் பாசியும் கொட்டலசும் இதில் அதிகம் ஒட்டுவதில்லை. சோழிகளில் மஞ்சள் வளையம் முதுகில் தெளிவாகத் தெரிந்தால் அது வளையச் சோழி. ஓரங்களில் புடைப்புகளோடு கோணல்மாணலாக, மொத்தமும் மஞ்சளாக இருந்தால் அது ஒரு காலத்தில் காசாகப் புழங்கிய பலகறை.

துளையைப் போட்டது யார்?

கரையில் கிடக்கும் சிப்பிகளில் கம்மல் மாட்டத் தோதாக ஒரே ஒரு வட்டத் துளை இருக்கும். அது பெரும்பாலும் கொலைக்கான தடயம். துளையின் விளிம்பைப் பார்த்தால் கொன்றது யார் என்றும் ஓரளவு சொல்லலாம்.

வெளிப்பக்கம் அகலமாகத் தொடங்கி, உள்ளே போகப் போகச் சரிந்து குறுகினால் நிலா நத்தையின் வேலை. நிலா நத்தையின் ஓடு உருண்டை, வழவழப்பு, அடியில் தொப்புள் போன்ற குழி. அது மணலுக்குள் சிப்பியைப் பிடித்து, அமிலம் கலந்த சுரப்பால் ஓட்டை மென்மையாக்கிக்கொண்டே அரம் போன்ற நாக்கால் சுரண்டும். துளை மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் நேராக இறங்கினால், முள்ளும் மடிப்புமாக ஓடு கட்டும் மியூரெக்ஸ் குடும்பத்தின் மேல் சந்தேகப்படலாம். பாதியில் நின்றுபோன குழி இருந்தால் இரை தப்பிவிட்டது அல்லது வேட்டைக்காரனுக்கு இடையூறு வந்துவிட்டது என்று பொருள்.

எல்லாத் துளையும் கொலையல்ல. ஓடு முழுக்கச் சல்லடையாகப் பொடிப்பொடித் துளைகள் இருந்தால், ஓட்டுக்குள் குடியேறும் துளைக்கும் கடற்பஞ்சு காரணம். சிப்பியின் முதுகு மேட்டில் மட்டும் ஒழுங்கற்ற விளிம்போடு ஓட்டை இருந்தால், அலை உருட்டி மணலில் தேய்த்த தேய்மானம். அந்த மேடுதான் முதலில் தேயும்.

வரம்பை எண்ணினால் போதாது, கீலையும் பாருங்கள்

இரட்டை மூடிச் சிப்பியில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. ஓரத்துக்கு இணையாக, ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுபவை வளர்ச்சிக் கோடுகள். இவை கிட்டத்தட்ட எல்லாச் சிப்பியிலும் இருக்கும் என்பதால் பெயர் சொல்ல அதிகம் உதவாது. முதுகு மேட்டிலிருந்து விசிறியாகப் பிரிந்து ஓரம் வரை போகும் வரம்புகள்தான் பயன்படும்.

விசிறி வரம்புள்ள தடித்த, உப்பிய சிப்பி கிடைத்தால் அது காக்கிள் சிப்பியா, இரத்த மட்டியா என்ற கேள்வி எழும். ஓட்டைத் திருப்பி, இரண்டு மூடியும் சேரும் கீல் பகுதியைப் பாருங்கள். இரத்த மட்டியின் கீல் நீளமான நேர்க்கோடு. அதில் சின்னஞ்சிறு பற்கள் சீப்புப் பற்களாக வரிசை கட்டி நிற்கும். காக்கிளின் கீல் வளைந்தது, நடுவிலும் ஓரங்களிலும் ஒரு சில பற்கள் மட்டுமே இருக்கும். இரத்த மட்டியின் வரம்புகள் ஏறக்குறைய 18. அவற்றின் மேல் மணி கோத்ததுபோல் முண்டுகளும் இருக்கும்.

கரையில் நாள்பட உருண்ட ஓட்டில் முண்டுகள் தேய்ந்து, வரம்புகளும் மழுங்கிப்போகும். கீல் பற்களோ உட்பக்கம் இருப்பதால் வெகுநாள் தாங்கும். அடையாளத்தை வெளியே தொலைத்த ஓட்டில் அதை உள்ளே தேட வேண்டும் என்பது இந்த வேலையின் பொது விதி. சங்கின் நடுத்தண்டு மடிப்பிலும் இதைத்தான் பார்த்தோம்.

அந்த வட்டக் கல் கல்லே அல்ல

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பிய அரைக்கோளம். கனமாக, வெள்ளையாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்கும். இதை மணி என்றும் கல் என்றும் புதைபடிவம் என்றும் எடுத்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தட்டைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சுருள் தெரியும். அது டர்போ நத்தையின் மூடி. நத்தை ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டதும் வாயை அடைக்கும் கதவு இதுதான். நத்தை வளர்ந்து வாய் பெரிதாகும்போது மூடியும் ஓரத்தில் சேர்த்துச் சேர்த்து வளர்வதால் சுருள் உண்டாகிறது.

டர்போவின் ஓட்டை உள்ளே பார்த்தால் முத்துப் பளபளப்பு. சுருண்ட ஓடுகளில் இந்த முத்துப்பூச்சு சில குடும்பங்களுக்கு மட்டுமே உண்டு. டர்போ, டிரோக்கஸ் போன்றவை அதில் அடங்கும். சங்கு, சோழி, நிலா நத்தை போன்றவற்றின் உட்பக்கம் பீங்கானைப் போல வழவழப்பாக இருக்கலாம், வானவில் மின்னாது. உடைந்த சுருள் துண்டில் உட்பக்கம் வானவில் நிறம் மின்னினால், தேட வேண்டிய பெயர்ப்பட்டியல் ஒரே அடியில் சுருங்கிவிடும்.

ஒட்டாத சுருள்

வெள்ளை நிறத்தில், விரல்நுனி அளவில், ஒரே தளத்தில் சுருண்ட ஒரு பொருள் நம் கரைகளில் அவ்வப்போது ஒதுங்கும். அம்மோனைட் புதைபடிவத்தின் குட்டி என்று பலர் துள்ளிக் குதிப்பார்கள். அதன் சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது ஸ்பைருலா.

இது நத்தை ஓடே அல்ல. ஆழ்கடலில் வாழும் சின்னக் கணவாய் போன்ற உயிரினத்தின் உடலுக்குள் இருக்கும் ஓடு. வெளியே சிறு வளையங்களாக வரிகள் தெரியும். வரிக்கு வரி உள்ளே ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. தடுப்புகளுக்கு இடையே காற்றறைகள். உயிரினம் இறந்து உடல் அழிந்த பின்னும் இந்த அறைகள் ஓட்டை மிதக்கவிடுவதால், அது வெகுதூரம் அலைந்து கரை சேர்கிறது. உயிரோடு ஸ்பைருலாவைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஓட்டைப் பொறுக்கியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

நத்தை ஓட்டில் இப்படித் தடுப்பறைகள் கிடையாது. உச்சி வரை ஒரே குழாய்தான். அறை இருக்கிறதா, இல்லையா என்பது சுருளைப் பார்ப்பதற்கு அடுத்த பெரிய கேள்வி.

அம்மோனைட்டா, நாட்டிலஸா, நத்தையா?

கல்லில் சுருள் தெரிந்ததும் அம்மோனைட் என்று சொல்லிவிடுவது வழக்கம். மூன்று கேள்விகள் கேட்டால் தவறு நேராது.

முதலில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? அம்மோனைட்டும் நாட்டிலஸும் பெரும்பாலும் ஒரே தளத்தில் சுருள்பவை. எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் குழிதான் தெரியும். ஒரு பக்கம் குவிந்து எழும்பியிருந்தால் அது நத்தைப் புதைபடிவமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டாவதாக, தடுப்புச் சுவர்கள் வெளிச்சுவரைத் தொடும் கோடு எப்படி ஓடுகிறது? நாட்டிலஸில் அது எளிய வளைவு. அம்மோனைட்டில் இலை விளிம்பைப் போல நெளிந்து நெளிந்து ஓடும். இந்தக் கோடு ஓட்டின் மேல் தெரியாது. மேலோடு கரைந்தோ பெயர்ந்தோ போய், உள்ளே நிரம்பிய கல் அச்சு மட்டும் மிஞ்சும்போதுதான் தெரியும். மூன்றாவதாக, அறைகளை இணைக்கும் மெல்லிய குழாய் எங்கே போகிறது? உடைந்த முகத்தில் பார்த்தால், நாட்டிலஸில் தடுப்பின் நடுப்பகுதியில் துளை இருக்கும். அம்மோனைட்டில் பெரும்பாலும் வெளி விளிம்பை ஒட்டி இருக்கும்.

அம்மோனைட்கள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த காலத்தோடு அழிந்தன. நாட்டிலஸ் இன்றும் உயிரோடு இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமங்கள் பலவற்றின் உள்ளே இருப்பதும் ஜுராசிக் காலத்து அம்மோனைட்தான்.

சார்மத் கரையில் ஒரு கல்

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் சார்மத் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. பக்கத்து ஊர் லைம் ரீஜிஸ், 1799இல் பிறந்து புதைபடிவம் தேடியே பெயர் பெற்ற மேரி ஆனிங்கின் ஊர். அந்தக் கரைப்பகுதி 2001இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலப் புயலில் சரியும் சேற்றுக் குன்றுகளைக் கடல் கழுவ, உள்ளிருந்த புதைபடிவங்கள் கரையில் சேர்கின்றன.

அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே இரண்டு செ.மீ. அகலத்தில், பித்தளை நிறத்தில் ஒரு சுருள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அளவுக்கு மீறிய கனம். இரு பக்கமும் ஒரே மாதிரி. ஆகவே அம்மோனைட், உள்ளே நிரம்பியிருப்பது பைரைட். அடுத்து, சுற்றுகள் ஒன்றையொன்று மூடாமல் எல்லாமே வெளியே தெரிகின்றன. வரம்புகள் நேராக, தடிப்பாக, கிளைக்காமல் வெளி விளிம்பை நோக்கிப் போகின்றன. இப்போது சுருளின் வெளி விளிம்பை விரலால் தடவ வேண்டும். நடுவில் முகடு தட்டினால் ஆர்னியோசெரஸ், ஆஸ்டெரோசெரஸ் போன்ற பெயர்களைப் பார்க்க வேண்டும். முகடு இல்லை. வரம்புகள் விளிம்பைக் கடக்கும் இடத்தில் தட்டையாக விரிகின்றன. அப்படியானால் அது புரோமைக்ரோசெரஸ். வயது 19 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பைரைட் புதைபடிவத்துக்கு எதிரி ஈரம். உப்பு போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். விட்டால் சில ஆண்டுகளில் மஞ்சள், வெள்ளைப் பொடி பூத்து, கந்தக வாடையோடு உதிர்ந்துவிடும். தேடும்போது குன்றின் அடிவாரத்துக்குப் போகக் கூடாது, குன்றைச் சுத்தியலால் தட்டவும் கூடாது. சரிவு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

தலை முளைத்த அம்மோனைட்

இங்கிலாந்தின் வடகிழக்கே விட்பி என்ற துறைமுக ஊரின் சின்னத்தில் மூன்று பாம்புகள் சுருண்டிருக்கும். ஏழாம் நூற்றாண்டுத் துறவி ஹில்டா அங்கிருந்த பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது ஊர்க்கதை. கதைக்கு ஏற்ப, கரையில் கிடைத்த அம்மோனைட்களில் பாம்புத் தலையைச் செதுக்கி விற்றவர்கள் இருந்தார்கள். தலையைச் செதுக்கிய இடம் சுருளின் அகன்ற வெளிமுனை. உயிரினத்தின் தலை உண்மையில் இருந்ததும் அந்த முனையில்தான்.

விட்பியில் அதிகம் கிடைக்கும் இரண்டு அம்மோனைட்களை வரம்பை வைத்தே பிரிக்கலாம். வரம்புகள் மெல்லியதாக, நெருக்கமாக ஓடி, வெளி விளிம்புக்கு அருகே பல இரண்டாகக் கிளைத்தால் டாக்டிலியோசெரஸ். வரம்புகள் அரிவாள் போல் வளைந்து, பக்கச் சுவரின் நடுவே ஒரு பள்ளம் சுருளோடு ஓடி, வெளி விளிம்பில் முகடும் இருந்தால் ஹில்டோசெரஸ். இரண்டாவதன் பெயர் அந்தத் துறவியின் பெயரிலிருந்தே வந்தது. பாம்புத் தலைக்கு அதிகம் பயன்பட்டது வரம்புகள் நெருங்கிய டாக்டிலியோசெரஸ்தான்.

வினிகர் சோதனை எதையும் நிரூபிக்காது

ஓட்டின் மேல் வினிகர் ஊற்றினால் நுரைக்கிறது, ஆகவே புதைபடிவம் என்று சிலர் சொல்வதுண்டு. புது ஓடும் சுண்ணாம்புதான், பல புதைபடிவங்களும் சுண்ணாம்புதான். இரண்டும் நுரைக்கும். சோதனையில் மிஞ்சுவது அரித்துப்போன மேற்பரப்பு மட்டுமே.

பயனுள்ள கேள்விகள் வேறு. அளவுக்குப் பொருந்தாத கனமா? குழிக்குள் ஒட்டியிருப்பது விரலால் உதிரும் மணலாக இல்லாமல், ஓட்டோடு ஒன்றாகிப்போன கல்லா? மேலோடு இல்லாமல் உள்வடிவம் மட்டும் கல்லாக நிற்கிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் புதைபடிவமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழகத்தில் இதைப் பழக ஏற்ற பொருள் கடற்கரையில் இல்லை, உள்நாட்டில் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. சிமெண்டுக்கு வெட்டும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் கிரைஃபியா என்ற சிப்பி கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. ஒரு மூடி கனத்து வளைந்து கொக்கி போடும், மறு மூடி தட்டையாக அதன்மேல் படியும். இரண்டு மூடிகள் இப்படி வேறுவேறாக இருப்பதே அதை மட்டி வகைகளிலிருந்து பிரித்துக் காட்டும்.

எடுத்தால் குறிப்பும் எடுங்கள்

உயிருள்ள எதையும் எடுக்காதீர்கள். கூம்புச் சங்கின் சில இனங்கள் மனிதரைக் கொல்லும் நஞ்சு கொண்டவை. காலி ஓடு என்று நினைத்து உள்ளங்கையில் மூடிப் பிடிப்பதும், சட்டைப்பையில் போடுவதும் ஆபத்து. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் எதையும் பொறுக்கக் கூடாது. நாட்டிலஸ், ராட்சத மட்டி, கொம்புத் தலைச் சங்கு, டிரைடன் சங்கு போன்றவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. காலி ஓட்டை வைத்திருப்பதும் வாங்குவதும் வழக்கில் முடியலாம்.

எடுக்கத் தடையில்லாத ஒன்றை எடுத்தால், அன்றைக்கே ஒரு சீட்டில் கரையின் பெயர், தேதி, மணலிலா சேற்றிலா பாறையிலா கிடைத்தது என்பதை எழுதி ஓட்டோடு வையுங்கள். பெயர் தப்பாகிவிட்டால் நாளை இன்னொருவர் திருத்திவிடலாம். எங்கே கிடைத்தது என்பது தொலைந்துவிட்டால் அதை யாராலும் மீட்க முடியாது.